ஆறாம் எண்ணும் இருபத்து மூன்றாம் எண்ணும்

கம்பெனியில் அவளுக்குக் கையேட்டம்மா என்று பெயர். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கேஸ் ஹீட்டர் என்று அங்கே செய்கிற எந்தச் சாமானும் அவள் எழுதிய சிறு புத்தகம் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் வெளியே போகும். பதினேழு வருஷமாக எழுதுகிறாள். "உலகத்துலயே அதிகமா அச்சாகிற, யாருமே படிக்காத எழுத்தாளர் நம்ம அம்மாதான்" என்று சர்வீஸ் பிரிவுத் தலைவர் கேலி செய்வார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்பேனர் துருத்திக்கொண்டிருப்பதால் அவருக்கும் ஸ்பேனர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவளும் சிரித்துக்கொள்வாள். படிக்காதவர்களைப் பற்றிச் சில சமயம் கவலைப்பட்டிருக்கிறாள். ஒருவர் ஒரு வரி விடாமல் படித்து, அதன்படியே நடந்தால் என்ன ஆகும் என்று மட்டும் அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்படி ஒருவர் ஒரு வியாழக்கிழமை காலை சர்வீஸ் கவுண்டருக்கு வந்தார்.

"அம்மா, கொஞ்சம் கீழ வாங்க. ஒருத்தர் புத்தகம் எழுதினவங்களப் பாக்கணும்னு நிக்கிறார். சத்தம் போடல, திட்டல. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்று ஸ்பேனர் போனில் சொன்னார்.

வந்தவர் தையல்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. இஸ்திரி போட்ட சட்டை, ஆனால் மேல் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கையில் ஹீட்டரின் கையேடு. அதன் ஓரங்கள் புரட்டிப் புரட்டி மெத்தென்று ஆகியிருந்தன.

"நீங்களாம்மா இத எழுதினது?"

"ஆமாங்க. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. நான்காம் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தார். "பாதுகாப்பு விதிகள்" என்ற தலைப்பின் கீழ் முப்பத்தோரு எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரே அளவில் ஒரு முக்கோணம், ஒரே எழுத்தில் "எச்சரிக்கை" என்ற சொல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் துணியில் கோடு போடும் நீலப் பென்சிலால் ஒரு டிக்.

"முப்பத்தொண்ணும் செஞ்சிட்டேம்மா. ஒவ்வொண்ணாப் படிச்சு, செஞ்சு, அப்புறம்தான் டிக் போட்டேன். இதுல எத நான் தப்பாச் செஞ்சேன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்க வரல."

"என்ன ஆச்சுங்க?"

"என் வீட்டுக்காரி போய்ட்டா. குளிக்கப் போனவ வெளிய வரல. ரெண்டு மாசம் ஆகுது."

கவுண்டரில் கரண்டு கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் கையை நிறுத்தினான். ஸ்பேனர் நாற்காலியை இழுத்துத் தையல்காரரின் முழங்காலுக்குப் பின்னால் வைத்து, தோளை மெல்ல அழுத்தி உட்கார வைத்தார்.

நடந்தது இதுதான். ஹீட்டரைக் குளியலறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கதவின் அடியில் ஒரு காற்றுத் துளை, கூரைக்குக் கீழே இன்னொன்று. காற்றடிக்கிற நாட்களில் ஹீட்டரின் தீ பொசுக்கென்று அணைந்துவிடும். தலையில் ஷாம்பு நுரையோடு மனைவி உள்ளேயிருந்து, "யோவ், ஐஸ் தண்ணி வருதுய்யா!" என்று கத்துவாள். அவர் கையேட்டை எடுத்தார். ஆறாம் எண் சொன்னது: "காற்று பட்டால் தீ அணையும். கருவி உள்ள அறைக்குள் காற்று வீசாதபடி பார்த்துக்கொள்ளவும்."

"தையக்காரன் பாருங்க. அளவெடுத்தேன். ஸ்பாஞ்ச வெட்டி, மேல துணி போட்டு, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டி, துளைக்குக் கச்சிதமா ரெண்டு திண்டு தைச்சேன். ஒரு நூல் வெளிச்சம் உள்ள வராது. அவ பாத்துட்டு, 'எனக்கு ஒரு ஜாக்கெட்டக்கூட இவ்ளோ அளவாத் தைச்சதில்லையே'ன்னு சிரிச்சா."

அவர் குரல் உடையவில்லை. அதுதான் கேட்பதற்குக் கஷ்டமாக இருந்தது.

கையேட்டம்மாவின் விரல் தானாகவே பக்கத்தின் கீழ்ப்பகுதிக்குப் போய் இருபத்து மூன்றாம் எண்ணில் நின்றது. "அறையில் போதிய காற்றோட்டம் இருத்தல் வேண்டும்." அதற்கு மேலே இருபத்திரண்டு: "கருவியின் மேற்பரப்பைச் சொரசொரப்பான பொடியால் துடைக்க வேண்டாம்." கீழே இருபத்து நான்கு: "ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்."

"அதுக்கும் டிக் போட்டிருக்கேன் பாருங்க" என்றார் அவர். "எங்க குளியலறை பெருசு. கதவு தொறந்தா காத்து வரும். போதும்னு நெனச்சேன். போதாதாம்மா?"

அவள் வாயில் பதில் இருந்தது. பக்கத்தில் சுவரில், வழக்கு வரக்கூடிய விஷயத்தில் யாரும் வாடிக்கையாளரிடம் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற அறிவிப்பும் இருந்தது.

"பாத்துட்டுச் சொல்றேங்க" என்றாள். சொன்ன மறுநிமிஷமே அந்தச் சொற்கள் அவளுக்குக் கசந்தன.

"சொல்லுங்கம்மா. என் மாமியார் என் வீட்டுலதான் இருக்காங்க. எம்பொண்ண அடைச்சு வெச்சுக் கொன்னுட்டான்னு ஒரு தடவ சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசல. உங்க ஆபீஸ்லேர்ந்தும் லெட்டர் வந்துச்சு. இருபத்து மூணாவது விதிய நான் மீறிட்டேனாம். மீறியிருந்தா மீறிட்டேன்னு நானே அவங்க கால்ல விழுந்துடுவேன். ஆனா எனக்குத் தெரியணும்."

எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "எதிர்வீட்டு அக்காவுக்கும் ஒரு திண்டு தைச்சுக் குடுத்திருந்தேன். அன்னைக்கே போய்ப் பிடுங்கிட்டேன். மத்த வீட்ல யார் யார் என்ன அடைச்சிருக்காங்களோ."

*

ஆறாம் எண் எப்படி வந்தது என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு இதே ஸ்பேனர்தான் வந்து நின்றார். "அம்மா, மாசம் நூறு போன் வருது. தீ அணையுது, தீ அணையுதுன்னு. போனா ஒண்ணுமே இல்ல, காத்து. என் பசங்களுக்கு இதுக்கே பொழுது போகுது. ஒரு வரி போட்டுடுங்க, முன்னாடியே போடுங்க." அவளும் போட்டாள். அந்தப் பட்டியல் முழுவதும் அப்படித்தான் உருவானது. அடிக்கடி வருகிற புகார் மேலே, அரிதாக வருவது கீழே. சாவு அரிதாகத்தான் வரும். அதனால் அது இருபத்து மூன்றாம் இடத்தில், துடைக்கிற பொடிக்கும் ரசீதுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

ஹீட்டரின் தீக்குக் காற்று வேண்டும். அடைத்த அறையில் அது பிராணவாயுவைத் தின்றுகொண்டே போகும். குறையக் குறைய எரிவது அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சு வாயு உண்டாகும். சிலிண்டர் வாயு கசிந்தால் மூக்குச் சொல்லிவிடும். இதற்கு மணமில்லை, நிறமில்லை. தலை லேசாகச் சுற்றும். வெந்நீர்க் களைப்பு என்று தோன்றும். அப்புறம் தாழ்ப்பாள் வரை கை போகாது. இதெல்லாம் கையேட்டம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் எழுதியது "போதிய காற்றோட்டம்" என்ற இரண்டு சொல். எவ்வளவு போதும் என்று அதில் இல்லை. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் இல்லை.

அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். காலையிலும் மாலையிலும் தவறாமல் கடவுளைக் கும்பிடுகிறவள். ஆனால் அன்று மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. முதலில் போய்க் கேட்கவேண்டிய இடம் வேறு என்று தோன்றியது. 'செய்ய வேண்டியத செய்றதுக்குத் தைரியம் குடு' என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

பிறகு முப்பத்தோரு விதிகளையும் முப்பத்தோரு துண்டுச் சீட்டுகளில் எழுதி மேஜைமேல் பரப்பினாள். ஒவ்வொரு சீட்டையும் கையில் எடுத்து ஒரே கேள்வி கேட்டாள்: இதை ஒருவர் செய்யாமல் விட்டால், மிஞ்சி மிஞ்சி என்ன ஆகும்? உயிர் போகும் என்றால் 'அபாயம்'. உயிர் போகக்கூடும், அல்லது பெரிய காயம் ஆகக்கூடும் என்றால் 'எச்சரிக்கை'. தோல் சிவக்கும், சின்னக் காயம் ஆகும் என்றால் 'கவனம்'. மனுஷனுக்கு ஒன்றுமில்லை, சாமான்தான் கெடும் என்றால் வெறும் 'குறிப்பு', அதற்கு முக்கோணமே கிடையாது. இந்த முறை அவளுக்குப் புதிதல்ல. பயிற்சியில் படித்ததுதான். எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை என்று போட்டுவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது என்று பழகி, அதை மறந்திருந்தாள்.

சாயங்காலம் ஸ்பேனர் வந்து பார்த்தார். மேஜையின் ஓரத்தில் 'அபாயம்' என்ற இடத்தில் இரண்டே சீட்டு. எச்சரிக்கையில் ஐந்து. கவனத்தில் ஆறு. குறிப்பில் ஒன்பது. எட்டு குப்பைக்கூடையில்.

"ரசீதப் பத்திரமா வெக்கிறதும் எச்சரிக்கையாத்தான் இருந்துச்சா இத்தன நாளா?" என்றார் ஸ்பேனர்.

"இருந்துச்சு. ஊரே சேந்து ஒரே நேரத்துல கத்தினா 'தீ'ன்னு கத்துறவன் குரல் எப்படிங்க கேக்கும்?"

"ஆறாவது எங்க?"

அவள் கையில் தனியாக வைத்திருந்த சீட்டைக் காட்டினாள். "இது எச்சரிக்கையே இல்ல. ரிப்பேர் சமாச்சாரம். 'தீ அடிக்கடி அணைந்தால்'னு கோளாறுப் பட்டியல்ல போகணும். அதுக்கு எதிர்லயே, துளைய அடைக்காதீங்க, மெக்கானிக்கக் கூப்பிடுங்கன்னு இருக்கணும்."

ஸ்பேனர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "நான்தானேம்மா போடச் சொன்னேன்."

"எழுதினது நான்."

"பசங்களுக்கு வேல கொறையும்னு சொன்னேன்." ஸ்பேனரைத் திரும்பப் பையில் செருகினார். "நாளைலேர்ந்து சர்வீசுக்குப் போற ஒவ்வொரு வீட்லயும் துளையப் பாத்துட்டு வரச் சொல்றேன். யாரையும் கேக்கப் போறதில்ல. துளையப் பாக்குறதுக்கு ஆர்டர் வேணுமா என்ன?"

பத்து நாளில் அவருடைய ஆட்கள் நாற்பது வீடு பார்த்தார்கள். பதினொரு வீட்டில் துளை அடைபட்டிருந்தது. அட்டை, பழைய துண்டு, பிளாஸ்டிக் தாள். ஒரு வீட்டில் பிள்ளையின் பரிசுச் சான்றிதழை ஃபிரேமோடு வைத்து மறைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரும் கையேட்டைச் சொல்லவில்லை. நான்கு வீட்டில் சொன்னார்கள்.

*

எழுதியது புரிகிறதா என்று எழுதியவளே சொல்லக் கூடாது. அதனால் அவள் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போனாள். காவலாளியிடம் பழைய பக்கத்தைக் கொடுத்து, "அண்ணே, உங்க வீட்ல இந்த ஹீட்டர் இருக்குன்னு வெச்சுக்கங்க. குளிக்கும்போது தீ அணைஞ்சு அணைஞ்சு போகுது. இதப் படிச்சுட்டு என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தார். ஆறில் விரல் நின்றது. "இதோ இருக்கே. காத்து வராமப் பண்ணணும். ஒரு கோணிச் சாக்க எடுத்து அடைச்சா ஆச்சு." பெருமையாக நிமிர்ந்தார். "மார்க் எவ்ளோம்மா?"

"நீங்க படிச்சது சரிதாண்ணே" என்றாள் அவள். "கேள்வித்தாள்தான் தப்பு."

கேன்டீனில் பாத்திரம் கழுவும் அக்காவும் இன்னும் மூன்று பேரும் அதையே சொன்னார்கள். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் மட்டும் இருபத்து மூன்று வரை வந்து, "இதுவும் அதுவும் இடிக்குதே" என்று முகத்தைச் சுளித்தார். புதிய பக்கத்தைக் கொடுத்தபோது ஆறு பேரும் துளையை அடைக்கக் கூடாது என்பதைத்தான் முதலில் சொன்னார்கள். எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வைத்தாள்.

கூட்டம் மேலாளரின் அறையில் நடந்தது. மேலாளர் நல்ல மனிதர்; யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். அதனாலேயே யாருக்கும் நேரான பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர். எதிரே கம்பெனி வக்கீல். மெலிந்த, மரியாதையான ஆள்.

"மொதல்ல ஒண்ணு கேக்கறேன்" என்றார் வக்கீல். "முப்பத்தொரு எச்சரிக்கை இருந்த எடத்துல இப்ப ரெண்டு அபாயம், அஞ்சு எச்சரிக்கை. நாளைக்கு யாராவது, இத ஏன் எடுத்தீங்கன்னு கேட்டா? நெறைய சொல்றதுதான்மா நமக்குப் பாதுகாப்பு. சொல்லிட்டோம். இருபத்து மூணுல அச்சாகி இருக்கு."

"நமக்குப் பாதுகாப்பு சார். படிக்கிறவங்களுக்கு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று மேலாளர் நடுவில் புகுந்தார்.

அவள் பழைய பக்கத்தை மேலாளர் முன்னால் நகர்த்தினாள். "சார், தலையில ஷாம்பு. கண்ணு எரியுது. தீ அணைஞ்சிருச்சு. என்ன பண்ணுவீங்க? இதுல பாத்துச் சொல்லுங்க."

"என்னம்மா பரீட்சையா" என்று சிரித்தபடியே மேலாளர் பார்வையை ஓட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. உதடு அசைந்தது. ஆறில் நின்றது. "காத்து வராம ஜன்னல…" என்று ஆரம்பித்தவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. சிரிப்பு முகத்திலேயே எங்கு போவதென்று தெரியாமல் நின்றது.

வக்கீல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஸ்பேனர் நாற்பது வீட்டுக் கணக்கைச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: "எழுத்து கடைசித் தடுப்பு சார். மொதத் தடுப்பு மெஷின்லயே இருக்கணும். அடுத்த லாட்டுலேர்ந்து புகைக்குழாய் வெச்ச மாடல் மட்டும், அதுவும் வெளிச்சுவர்ல மாட்டறது மட்டும் குடுப்போம். ஆனா ஏற்கெனவே வீட்டுக்குப் போனது போனதுதான். அங்க பேசறதுக்கு இந்தப் பேப்பர் மட்டும்தான் இருக்கு."

நெடுநேரம் பேசி ஒரு வழியாக முடிவானது. புதிய கையேடு அச்சாகும். பழைய ஹீட்டர் உள்ள வீடுகளுக்கு, திருகும் குமிழுக்குப் பக்கத்திலேயே ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் போகும். மேலாளர் அதற்குக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரே ஒரு விஷயம்மா" என்றார் வக்கீல். "திருத்தப் பதிவேட்டுல காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல. அதுல 'மொழிநடை சீரமைப்பு'ன்னு போடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

பதிவேட்டை அவள் முன்னால் வைத்தார்கள். கையேட்டில் ஒரு எழுத்து மாறினாலும் எது மாறியது, ஏன் மாறியது, யார் மாற்றியது என்று அதில் எழுத வேண்டும். பின்னால் வருகிறவர்கள் பழைய தப்பை மறுபடி செய்யாமல் இருக்கத்தான் அந்தக் கட்டம். மொழிநடை என்று எழுதினால், இரண்டு வருஷம் கழித்து இன்னொரு ஸ்பேனர் வந்து இன்னொரு கையேட்டம்மாவிடம், தீ அணைகிறது, ஒரு வரி போடுங்கள் என்பார். அவளும் போடுவாள்.

அவள் பேனாவை எடுத்து எழுதினாள்: "முந்தைய பதிப்பின் 6ஆம் விதி, காற்றுத் துளைகளை அடைக்கும்படி வாசகரைத் தூண்டியது. 23ஆம் விதி அதைத் தடுக்கும் அளவுக்குத் தெளிவாகவோ முன்னதாகவோ இல்லை. விதிகள் ஆபத்தின் அளவுப்படி வரிசையாக்கப்படவில்லை. எழுதியவர்:" அங்கே தன் கையெழுத்தைப் போட்டாள்.

வக்கீல் படித்தார். கோபப்படவில்லை. "இது நாளைக்குக் கோர்ட்டுல வந்தா உங்க பேரும் வரும்மா."

"வரட்டும் சார். அந்த லெட்டர்ல அவர் பேரு வந்துச்சே."

அடுத்த மாதமே ஹீட்டர் கையேடுகள் அவள் கையிலிருந்து போயின. இனி ஃபேன் மட்டும் எழுதினால் போதும் என்றார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

*

ஆனால் அதற்கு முன்பே, ஸ்டிக்கரின் மாதிரித் தாள் அச்சகத்திலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் தையல்காரர் வீட்டுக்குப் போனாள். ஸ்பேனரும் கூட வந்தார். "நான் வெளியில நிக்கிறேம்மா" என்று சொன்னவர், வாசல் வரை வந்ததும் தானே செருப்பைக் கழற்றினார்.

முன்னறையில் தையல் மெஷின். அதன்மேல் பாதி தைத்த பள்ளிச் சீருடை. மூலையில் தரையில், திண்டு தைத்தது போக மிஞ்சிய ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று தூக்கிப் போட மனமில்லாமல் அப்படியே கிடந்தது. உள்ளறையில் மாமியார் கட்டிலில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆள் வந்த சத்தத்துக்கும் திரும்பவில்லை.

"வாங்கம்மா. இன்னும் வருவீங்களான்னு இருந்தேன்" என்றார் தையல்காரர்.

"லேட்டாயிருச்சுங்க." அவள் நின்றபடியே சொன்னாள். நாற்காலி வேண்டாம் என்று கையசைத்தாள். "எத நான் தப்பாச் செஞ்சேன்னு கேட்டீங்க. நீங்க ஒண்ணும் தப்பாச் செய்யல. அடைக்கச் சொன்னது ஆறாவது விதி. அத எழுதினது நான். அடைச்சா உசிரு போகும்னு மொத வரியில சொல்லியிருக்கணும். சொல்லல. அதுவும் நான்தான்."

தையல்காரர் மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. முப்பத்தோரு டிக் போட்ட மனிதர், கடைசியில் தன்மேல் பழி இல்லை என்று கேட்டதும் அழுதார். பழி தன்னுடையதாக இருந்திருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பதுபோல் அழுதார். ஸ்பேனர் ஓடிப்போய்த் தண்ணீர் தேடினார். எது சமையலறை என்று தெரியாமல் தடுமாறினார்.

கையேட்டம்மா உள்ளறை வாசலில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அம்மா, கேட்டுச்சா? உங்க மாப்பிள்ள படிச்சபடி நடந்தார். எழுதினவதான் சரியா எழுதல."

கிழவி மெல்லத் திரும்பினாள். மாதக்கணக்காகப் பேசாத தொண்டை கரகரத்தது. "நீயா?"

"நான்தாம்மா."

"உனக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணும்மா."

கிழவி அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். சாபம் வருமென்று கையேட்டம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சாபம் வரவில்லை. "அவ குளிக்கப் போனா ஒரு தடவ கதவத் தட்டிப் பாரு" என்றாள் கிழவி. அவ்வளவுதான். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

முன்னறையில் தையல்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் மாதிரித் தாளை அவரிடம் கொடுத்தாள். "இது ஒவ்வொரு வீட்லயும் ஒட்டப் போறோம். அச்சடிக்கறதுக்கு முன்னாடி நீங்க படிக்கணும். உங்கள மாதிரிப் படிக்கிறவங்க எனக்கு வேற யாரும் தெரியாது."

அவர் காதில் செருகியிருந்த நீலப் பென்சிலை எடுத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"அபாயம். காற்றுத் துளைகளை அடைத்தால் இந்த அறையில் நச்சு வாயு சேரும். அதற்கு மணம் கிடையாது. சில நிமிடங்களில் உயிர் போகும். மேல் துளை, கீழ்த் துளை இரண்டையும் எப்போதும் திறந்து வையுங்கள். துணி, அட்டை, பிளாஸ்டிக் எதையும் வைத்து அடைக்காதீர்கள். அடைத்திருந்தால் ஹீட்டரைப் பற்றவைக்காதீர்கள். தலை சுற்றினால் உடனே அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். தீ அடிக்கடி அணைந்தால் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்."

படித்து முடித்தும் தாளைக் கீழே வைக்கவில்லை. இரண்டாம் முறை மனசுக்குள் படித்தார். "நல்லா இருக்கும்மா. 'போதிய'ன்னு எங்கயும் இல்ல." பிறகு பென்சிலை ஓர் இடத்தில் வைத்தார். "துணி, அட்டை, பிளாஸ்டிக்னு போட்டிருக்கீங்க. ஸ்பாஞ்சும் சேருங்க. ஸ்பாஞ்சு வழியாக் காத்து போகும்னு சில பேர் நெனைப்பாங்க. நான் நெனச்சேன். நான் மேல துணி வெச்சு வேற தைச்சேன்."

அவள் அந்த இடத்தில் ஸ்பாஞ்ச் என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. அச்சகத்துக்காரர் புரிந்துகொள்வார்.

அவர்கள் கிளம்பும்போது உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கிழவி சமையலறைப் பக்கம் நடந்து போனாள். பாத்திரம் திறக்கிற ஓசை. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் சோற்றுத் தட்டு ஒன்றை வைத்தாள்.

"ஆறிடும்" என்றாள், தட்டைப் பார்த்தே.

வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. ஆனாலும் வைத்தாள்.